அண்ணன் அமெரிக்காவில் ஐசியூவில்: எமர்ஜென்சி விசா அப்பாயின்ட்மென்ட் எதைத் தரும், எதைத் தராது?

வீட்டுல ஒருத்தர் வெளிநாட்டுல செட்டில் ஆகியிருக்காங்க. திடீர்னு அங்கே உயிருக்கு ஆபத்து, இல்லைன்னா இறந்தே போயிட்டாங்க. இங்கே இருக்கிற நாம எத்தனை நாளில் போய்ச் சேர முடியும்? அதுக்கு என்ன செலவாகும்? இதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நாட்டுக்கு நாடு விதி மாறும். அதனால மிகவும் சிக்கலான அமெரிக்காவை மட்டும் எடுத்துக்கிட்டு, ஒரு உதாரணக் குடும்பத்தை வச்சு முழுசாப் பார்ப்போம். கடைசியில் மற்ற நாடுகளைக் கொஞ்சம் தொட்டுட்டுப் போகலாம்.

முதலில் ஒரு விஷயம் தெளிவா இருக்கணும். "எமர்ஜென்சி விசா"ன்னு அமெரிக்காவில் தனியா ஒரு விசா கிடையாது. இருக்கிறது எமர்ஜென்சி அப்பாயின்ட்மென்ட். அதாவது, பல மாதம் தள்ளிக் கிடைக்கிற இன்டர்வியூ தேதியைச் சில நாட்களுக்கு முன்னால் இழுத்துத் தருவாங்க. அவ்வளவுதான். நீங்க வாங்கப் போறது அதே பி1/பி2 விசிட்டர் விசா, உள்ளே கேட்கிற கேள்விகளும் அதே கேள்விகள். தேதியைத் தர்றது ஒரு முடிவு, விசாவைத் தர்றது வேறொரு முடிவு. பல குடும்பங்கள் முதல் முடிவுக்கு மட்டும் உயிரைக் கொடுத்து ஓடிட்டு, இரண்டாவதற்குத் தயாராகாமல் ஜெமினி மேம்பாலம் பக்கத்துல இருக்கிற தூதரக வாசலில் போய் நிற்கிறாங்க.

உதாரணக் குடும்பம்

பாலக்கோடு பக்கத்துல ஒரு விவசாயக் குடும்பம்னு வச்சுக்குவோம். பெரிய பையன் டல்லாஸில் வேலை, மனைவியும் ஒரு குழந்தையும் அங்கேயே. சின்னவருக்கு 28 வயசு, ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் கையில் 38,000 ரூபாய் சம்பளம். வியாழக்கிழமை ராத்திரி அண்ணிகிட்ட இருந்து போன்: அண்ணனுக்குப் பக்கவாதம், வென்டிலேட்டரில் இருக்கார், டாக்டர்கள் நம்பிக்கையா பேசலை.

வீட்டுல பேசி முடிவெடுக்கிறாங்க. அம்மாவும் தம்பியும் போகணும், மாடு கன்னைப் பார்த்துக்கிட்டு அப்பா இங்கேயே இருப்பார். தம்பிகிட்ட பாஸ்போர்ட் இருக்கு. அம்மாகிட்ட இல்லை.

இங்கேயே ஒரு கேள்வி வரும்: யார் போகலாம்? இறுதிச் சடங்குக்கான எமர்ஜென்சி அப்பாயின்ட்மென்ட் விதியில் "நெருங்கிய குடும்பம்"னா அம்மா, அப்பா, கூடப் பிறந்தவங்க, பிள்ளைகள். இந்தக் குடும்பத்துல அம்மாவும் தம்பியும் அதுக்குள்ளே வந்துடறாங்க. இதுவே அக்கா வீட்டுக்காரர் இறந்து போய், அக்காவுக்குத் துணையா தம்பி கிளம்பினா கதை வேற. நம்ம ஊரில் மாமான்னா கூடப் பிறந்தவர் மாதிரிதான், ஆனா அந்தப் பட்டியலில் மாமா இல்லை. அந்த மாதிரி நேரத்துல மாமாவோட அம்மா, அப்பா அல்லது அண்ணன் தம்பி பேரில் வேண்டுகோள் போடுறதுதான் நிற்கும்.

முதல் ராத்திரி: கடிதம் கேளுங்க

தம்பி அன்னிக்கு ராத்திரியே செய்ய வேண்டியது டிக்கெட் விலை பார்க்கிறது இல்லை. அண்ணிகிட்ட ஆஸ்பத்திரிக் கடிதம் கேட்கணும். அமெரிக்காவில் நோயாளியோட விவரத்தை ஆஸ்பத்திரி கண்டவங்ககிட்ட சொல்லாது, அங்கே அதுக்குச் சட்டமே இருக்கு. நீங்க பாலக்கோட்டிலிருந்து போன் போட்டாலோ ஈமெயில் போட்டாலோ பதில் வராது. மனைவிதான் கேட்கணும். ஐசியூ டாக்டரையே துரத்த வேண்டியதில்லை, பெரிய ஆஸ்பத்திரிகளில் சோஷியல் வொர்க்கர், கேஸ் மேனேஜர்னு ஆட்கள் இருப்பாங்க. இந்த மாதிரிக் கடிதம் அவங்களுக்குப் புதுசு இல்லை.

கடிதத்துல என்ன இருக்குன்றது முக்கியம். "இவர் எங்கள் சிகிச்சையில் இருக்கிறார்"னு ஒரு வரி மட்டும் இருந்தா, படிக்கிற அதிகாரிக்கு அது காய்ச்சலா, கடைசி நேரமான்னு தெரியாது. ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட், தேதி, நோயாளியோட பெயர், பிறந்த தேதி, என்ன பாதிப்பு, நிலைமை எவ்வளவு மோசம், குடும்பத்தார் ஏன் சீக்கிரம் வரணும், டாக்டர் பெயர், கூப்பிட்டுக் கேட்க போன் நம்பர் எல்லாம் வேணும். வரப்போறவங்க பெயரையும் பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்தில் அப்படியே போடச் சொல்லுங்க.

இறந்து போயிட்டா, கடிதம் கொடுக்க வேண்டியது ஃபியூனரல் ஹோம். அதில் இறந்தவர் விவரம், இறுதிச் சடங்கு நடக்கும் தேதி, அவங்களைத் தொடர்பு கொள்ள விவரம் மூணும் இருக்கணும். அங்கே உடலைக் குளிரூட்டியோ எம்பாம் செய்தோ சில நாள் வைப்பாங்க, நம்ம ஊர் மாதிரி மறுநாளே எடுத்தாகணும்னு இல்லை. அதனால தேதி குறிக்கும்போதே, ஃபியூனரல் ஹோமில் பேசி அம்மா வந்து சேர இடம் விட்டுக் குறிக்கச் சொல்லலாம். சடங்கு முடிஞ்ச பிறகு "16ஆம் நாள் காரியம் இருக்கு, அண்ணிக்குத் துணை இல்லை"ன்னு கேட்டா காரணம் உண்மைதான், ஆனா அவங்க எழுதி வச்சிருக்கிற விதிக்குள் அது சரியா உட்காராது.

வெள்ளிக்கிழமை: பாஸ்போர்ட்டும் DS-160-ம்

அம்மாவுக்குத் தட்கல் பாஸ்போர்ட். 36 பக்க புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் கூடுதல் 2,000, மொத்தம் 3,500. பட்டியலில் உள்ள அடையாள ஆவணங்களில் மூணு வேணும்: ஆதார், வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, பான், பேங்க் பாஸ்புக் மாதிரி. போலீஸ் விசாரணை பிறகு நடக்கும் வகையில் போனா, மூணு வேலை நாளில் பாஸ்போர்ட் கிளம்பிடும். இழுபறி ஆகிறது பெரும்பாலும் பெயரில்தான். ஆதாரில் ஒரு ஸ்பெல்லிங், ரேஷன் கார்டில் ஒரு ஸ்பெல்லிங், ஓட்டர் ஐடியில் கணவர் பெயர் வேற மாதிரி. மூணும் ஒத்துப்போற ஆவணங்களா பார்த்து எடுத்துட்டுப் போங்க.

பாஸ்போர்ட் நம்பர் இல்லாமல் DS-160 படிவத்தை முடிக்க முடியாது. அப்போ அம்மாவோட பாஸ்போர்ட் வர்ற வரைக்கும் தம்பி காத்திருக்கணுமா? வேண்டாம்னுதான் நான் சொல்வேன். தம்பி வெள்ளிக்கிழமையே தன் பேரில் ஆரம்பிச்சிடட்டும், அம்மாவுக்கு பாஸ்போர்ட் வந்ததும் தனி விண்ணப்பம் போடலாம். பெத்த தாய்ன்ற காரணமே அவங்களுக்குப் போதும், தம்பியோட விண்ணப்பத்தில் ஒட்டிக்கிட்டு வர வேண்டிய அவசியம் இல்லை.

DS-160 நிரப்பும்போது நம்ம ஆட்களுக்கு மாட்டுற இடம் சர்நேம். நம்ம பாஸ்போர்ட்டில் பல பேருக்கு சர்நேம் கட்டம் காலியா இருக்கும், முழுப் பெயரும் கிவன் நேமில் இருக்கும். அப்படி இருந்தா, DS-160-ல் அந்தப் பெயரை சர்நேம் கட்டத்தில் போட்டு, கிவன் நேம் கட்டத்தில் `FNU` என்று போடணும். அவசரத்துல அப்பா பெயரை சர்நேமா அடிச்சுவிட்டா, பாஸ்போர்ட்டும் படிவமும் ஒத்துப்போகாது. இன்னொண்ணு, முடிச்சதும் வர்ற கன்ஃபர்மேஷன் நம்பர். படிவத்தைத் திருத்தித் திரும்பப் போட்டா நம்பர் மாறிடும். அப்பாயின்ட்மென்ட் கணக்கில் இருக்கிற நம்பரும் கையில் கொண்டு போற தாளில் இருக்கிற நம்பரும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க.

அப்புறம் `usvisascheduling.com` தளத்தில் கணக்கு தொடங்கி, ஆளுக்கு 185 டாலர் கட்டணம் கட்டணும். இது திரும்ப வராது, இன்னொருத்தர் பெயருக்கு மாத்தவும் முடியாது. பணம் கட்டின உடனே கணக்கில் ஏறிடும்னு நம்பாதீங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கட்டினா சனி, ஞாயிறு அப்படியே போகலாம், அதனால காலையிலேயே கட்டிடறது நல்லது.

வேண்டுகோள் போடும் வரிசை

இங்கே வரிசை தப்பக் கூடாது. முதலில் கிடைக்கிற சாதாரண தேதியை, அது எத்தனை மாதம் தள்ளி இருந்தாலும், புக் பண்ணணும். சென்னைதான்னு இல்லை, டெல்லி, மும்பை, ஹைதராபாத், கொல்கத்தான்னு இந்தியாவில் எங்கே வேணும்னாலும் இன்டர்வியூ கொடுக்கலாம். தருமபுரிக்காரங்களுக்குப் பெங்களூரு 130 கிலோமீட்டர், சென்னை 300 கிலோமீட்டர். ஆனா நம்ம ஆட்களுக்குப் பழகின பெங்களூரு இந்தப் பட்டியலில் இல்லை. 2025 ஜனவரியில் அங்கே அமெரிக்கத் தூதரகம் திறந்தாங்க, ஆனா விசா வேலை இல்லாமல்தான் திறந்தாங்க.

சாதாரண தேதி கையில் வந்த பிறகுதான் எமர்ஜென்சி வேண்டுகோள். இதுக்குத் தனிக் கட்டணம் எதுவும் கிடையாது. தளத்துலயே அதுக்கான இடம் இருக்கும். காரணத்தை இங்கிலீஷில் நாலஞ்சு வரியில் எழுதணும்: யாருக்கு என்ன ஆச்சு, அவர் உங்களுக்கு என்ன உறவு, எந்த ஆஸ்பத்திரி, என்னிக்குக் கிளம்ப நினைக்கிறீங்க, எத்தனை நாளில் திரும்புவீங்க. நீளமா உருக்கமா எழுத வேண்டாம். ஒரு விண்ணப்பத்துக்குப் பொதுவா ஒரு வாய்ப்புதான், அதனால கடிதம் வர்றதுக்கு முன்னாடியே அவசரப்பட்டு அழுத்திடாதீங்க. அரை நாள் தாமதமானாலும் கடிதத்தோட போடுறதுதான் பலன்.

உறவை எப்படி நிரூபிக்கிறது? வாரிசு சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் ஏறுவாங்க சிலர். அதுக்கு நாளாகும், தேவையும் இல்லை. அண்ணன் பாஸ்போர்ட்டோட கடைசிப் பக்கத்திலும் தம்பி பாஸ்போர்ட்டோட கடைசிப் பக்கத்திலும் அதே அப்பா அம்மா பெயர் இருக்கும். இரண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சாலே கூடப் பிறந்தவங்கன்னு தெரிஞ்சிடும். அண்ணி அண்ணனோட பாஸ்போர்ட் எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி அனுப்பினா போதும். கூட பிறப்புச் சான்றிதழ் இருந்தா இன்னும் நல்லது.

வேண்டுகோள் ஏத்துக்கிட்டா ஈமெயில் வரும். நீங்க திரும்பத் தளத்துக்குள்ளே போய், திறந்து விட்டிருக்கிற தேதியை நீங்களே எடுக்கணும், தானா மாறாது. கைரேகைக்கு விசா அப்ளிகேஷன் சென்டர் ஒண்ணு, இன்டர்வியூவுக்குத் தூதரகம் ஒண்ணுன்னு இரண்டு வேலை இருக்கு. வேண்டுகோளை மறுத்துட்டா, முதலில் எடுத்த தேதி அப்படியே இருக்கும். அதை மாத்தி மாத்தி ஸ்லாட் வேட்டை ஆடாதீங்க. 2025 ஜனவரி 1 முதல் ஒரு தடவைதான் இலவசமா மாத்தலாம், அதுக்கு மேலே மாத்தணும்னா திரும்ப 185 டாலர்.

இந்த இடத்துலதான் ஏஜென்ட் வருவார். "எமர்ஜென்சி ஸ்லாட் எங்ககிட்ட இருக்கு, ஆளுக்கு இவ்வளவு"ன்னு சொல்வார். வேண்டுகோளை ஏத்துக்கிறது தூதரகம், அதை யாராலும் விற்க முடியாது. 2025 மார்ச்சில் இந்தியாவில் உள்ள அமெரிக்கத் தூதரகம், பாட் வச்சு எடுத்த சுமார் 2,000 அப்பாயின்ட்மென்ட்களை ரத்து செஞ்சதா அறிவிச்சது. நீங்க ஏஜென்டுக்குக் காசு கொடுத்த தேதி அதில் ஒண்ணா இருந்தா யாரைப் போய்க் கேட்பீங்க? அதைவிட மோசம், ஏஜென்ட் தன் இஷ்டத்துக்கு எழுதின காரணம். பொய்னு தெரிஞ்சா அது உங்க ரெக்கார்டில் ஏறும், அவரோட ரெக்கார்டில் இல்லை.

இன்டர்வியூ: அங்கே துக்கம் மட்டும் போதாது

அமெரிக்கச் சட்டத்தில் 214(பி)ன்னு ஒரு பிரிவு. விசிட்டர் விசா கேட்கிற யாரா இருந்தாலும், "இவர் அங்கேயே தங்கிடுவார்"னுதான் சட்டம் ஆரம்பிக்கும். இல்லைன்னு அதிகாரியை நம்ப வைக்க வேண்டியது நீங்க. அண்ணன் ஐசியூவில் இருக்கார்ன்றது ஏன் போறீங்கன்றதுக்குப் பதில். ஏன் திரும்பி வருவீங்கன்றதுக்கு அது பதில் இல்லை. 28 வயசு, கல்யாணம் ஆகலை, அங்கே அண்ணியும் குழந்தையும் தனியா இருக்காங்க: அதிகாரி கண்ணில் இது தங்கிடக்கூடிய ஆள் மாதிரிகூடத் தெரியலாம்.

அதனால தம்பி கையில் இருக்க வேண்டியது அலுவலகக் கடிதம். எத்தனை வருஷமா வேலை, என்ன பதவி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை லீவு அனுமதிச்சிருக்காங்க, என்னிக்குத் திரும்ப வேலையில் சேரணும்னு ஹெச்ஆர் கையெழுத்தோட இருக்கணும். கூட கடைசி ஆறு மாச பே ஸ்லிப், ஃபார்ம் 16, ஐடிஆர். அதிகாரி ஒரு தாளைக்கூட வாங்கிப் பார்க்காமல் இரண்டு நிமிஷத்துல முடிவெடுக்கலாம். வாய்ப்பேச்சுதான் முக்கியம். DS-160-ல் எழுதினதும் நீங்க சொல்றதும் ஒண்ணா இருக்கணும். "எவ்வளவு நாள்?"னு கேட்டா "நிலைமையைப் பொறுத்து சார்"னு இழுக்காமல், "மூணு வாரம், லீவு அவ்வளவுதான்"னு சொல்லணும். அம்மாவுக்கு இங்கிலீஷ் வரலைன்னா கவலை வேண்டாம், சென்னையில் தமிழில் பேசலாம்.

இப்போ என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம். போறதுன்னு முடிவானதும் வீட்டுல நகையை அடகு வச்சு மூணு லட்சத்தைத் தம்பி அக்கவுன்ட்டில் போடுவாங்க. சம்பளம் 38,000 வர்ற கணக்கில் திடீர்னு மூணு லட்சம் பளிச்சுன்னு தெரியும். அதில் தப்பு ஒண்ணும் இல்லை, மறைக்கத்தான் கூடாது. அடகு ரசீதைக் கையில் வச்சுக்கிட்டு, கேட்டா அம்மா நகை மேல வாங்கின கடன்னு சொல்லுங்க. அண்ணன் செலவைப் பார்த்துக்குவார்னு மட்டும் எழுதிடாதீங்க, அவர் வென்டிலேட்டரில் இருக்கார்.

சிஏ சர்டிபிகேட் வேணுமான்னு கேட்பீங்க. நெட்வொர்த் சர்டிபிகேட் போட்டுக் கொடுக்கிற ஆள்தான் நான், ஆனாலும் சொல்றேன்: அமெரிக்க விசிட்டர் விசாவுக்கு அது கட்டாயம் இல்லை. மூணு நாளில் அதுக்காக ஓடுறதைவிட ஹெச்ஆர் கடிதத்துக்கு ஓடுங்க. அப்பா பேரில் உள்ள நிலத்தைக் காட்டணும்னா பட்டா, சிட்டா நகலே போதும். யாராவது சர்டிபிகேட் கொடுத்தா அதில் 18 இலக்க `UDIN` எண் இருக்கான்னு பாருங்க. 2019 பிப்ரவரி 1 முதல் நாங்க கொடுக்கிற எல்லாச் சான்றிதழுக்கும் அது கட்டாயம், `udin.icai.org` தளத்தில் யாரும் சரிபார்க்கலாம். எண் இல்லாத சீல் போட்ட தாள் இருக்கிறதைவிட இல்லாமல் இருக்கிறதே மேல்.

செலவுக் கணக்கு

டாலர் 90 ரூபாய்னு வச்சுக்கிட்டா இரண்டு பேருக்கு விசா கட்டணம் 370 டாலர், அதாவது 33,300 ரூபாய். அம்மாவோட பாஸ்போர்ட் 3,500. ஆக 36,800 ரூபாய். கிட்டத்தட்ட தம்பியோட ஒரு மாசச் சம்பளம், விசா கிடைச்சாலும் கிடைக்கலைன்னாலும் போனது போனதுதான். சென்னைக்குப் போக வரச் செலவு தனி.

டிக்கெட்டை எப்போ போடுறது? விசா "அப்ரூவ்டு"ன்னு அதிகாரி சொன்ன பிறகும் பாஸ்போர்ட் அவங்ககிட்டதான் இருக்கும், ஸ்டிக்கர் ஒட்டித் திரும்ப வரச் சில வேலை நாட்கள் ஆகும். சில பேருக்குக் கூடுதல் விசாரணைன்னு 221(ஜி) தாள் கொடுத்து நிறுத்தி வைப்பாங்க, அது எப்போ முடியும்னு சொல்ல முடியாது. அதனால பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் பணம் திரும்ப வராத டிக்கெட்டைத் தொடணும். அவசரம்னு அதிகாரிகிட்ட நேராவே சொல்லுங்க, சீக்கிரம் தர முடியுமான்னு கேட்கிறதில் தப்பில்லை.

மற்ற நாடுகள்

பிரிட்டனில் வழி வேற, அங்கே வேகத்தை விலைக்கு வாங்கலாம். 2025 ஏப்ரல் கட்டணப்படி ஆறு மாச விசிட்டர் விசா 127 பவுண்ட். பிரையாரிட்டி சேவைக்கு மேலே 500 பவுண்ட் கட்டினா ஐந்து வேலை நாளில் முடிவு. 1,000 பவுண்ட் கட்டுற சூப்பர் பிரையாரிட்டி கிடைக்கிற சென்டரா இருந்தா அடுத்த வேலை நாளிலேயே. இங்கே நம்ம மாவட்டத்துக்காரங்க பெங்களூரு விஎஃப்எஸ் சென்டரையே பயன்படுத்தலாம். ஆனா பிரிட்டனில் பேங்க் ஸ்டேட்மென்டை வரி வரியாப் படிப்பாங்க, திடீர் மூணு லட்சத்துக்கு எழுத்தில் விளக்கம் வைக்காமல் போடாதீங்க. முடிவுதான் சீக்கிரம் வரும், அது சாதகமா வரும்னு அந்த 500 பவுண்ட் எந்த உத்தரவாதமும் தராது. மலேசியாவுக்கு 2026 டிசம்பர் 31 வரை இந்தியர்களுக்கு 30 நாள் விசாவே வேண்டாம்.

உடல் இங்கே வர்றதா இருந்தா

நம்ம உதாரணத்துல அண்ணன் விசா வேலை நடக்கும்போதே இறந்துட்டா, விண்ணப்பத்தை நிறுத்தணும்னு இல்லை. ஆனா இன்டர்வியூவுக்கு முன்னால் ஃபியூனரல் ஹோம் கடிதத்தை வாங்கிடணும், ஐசியூ கடிதம் இப்போ பழசு. அதுக்கும் முன்னால் அண்ணிகிட்ட ஒரு கேள்வி கேட்கணும்: அங்கேயே தகனமா, ஊருக்குக் கொண்டு வர்றாங்களா? கேட்கச் சங்கடமாத்தான் இருக்கும். ஆனா உடல் பாலக்கோட்டுக்கு வரப்போறதா இருந்தா, இங்கேயிருந்து யாருக்கும் விசாவே தேவைப்படாமல் போகலாம்.

அப்படி முடிவானா, டெக்சாஸுக்குப் பொறுப்பான ஹூஸ்டன் இந்தியத் தூதரகத்துல அண்ணி விண்ணப்பிக்கணும். இறப்புச் சான்றிதழ், எம்பாமிங் சான்றிதழ், தொற்று நோய் இல்லைன்ற கடிதம், அண்ணனோட பாஸ்போர்ட் எல்லாம் கொடுத்தா பாஸ்போர்ட்டை ரத்து செஞ்சு, கொண்டு போக அனுமதி தருவாங்க. பெரும்பாலும் ஃபியூனரல் ஹோமே விமான கார்கோ வரைக்கும் பார்த்துக்கும். இந்தியப் பக்கம் 2023 ஆகஸ்டிலிருந்து சுகாதார அமைச்சகத்தின் `eCARe` தளத்தில் அனுமதி வாங்கணும். கார்கோ தாளில் உடலைப் பெற்றுக்கொள்பவர்னு ஒரு பெயர் கேட்பாங்க. தம்பி பெயரைக் கொடுக்கிறதா இருந்தா ஆதாரில் இருக்கிற எழுத்தில் அப்படியே கொடுங்க, ஏர்போர்ட் கார்கோ கவுன்டரில் அந்த ஐடியைத்தான் காட்டணும். இறங்குற இடமாப் பெங்களூருவைப் போடச் சொல்லுங்க, அங்கிருந்து பாலக்கோட்டுக்கு ஆம்புலன்ஸ் அன்னிக்கே வந்துடும்.